பதினான்கு இலக்கமும் எம்.எல். நம்பரும்: உணவு, மருந்து உரிமங்களைச் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான். "இது நல்ல கம்பெனியா?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். "இதைத் தயாரிக்க அனுமதி இருக்கிறதா, எங்கே பார்ப்பது?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னதையும், பலகாரம், தின்பண்டம் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்கப்பட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டத்தை ஒட்டியது.

பாக்கெட்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கிறது. அது போதாதா?

போதாது. எண்ணை அச்சடிக்க அச்சகம் போதும், அனுமதி தேவையில்லை. வேறொருவருடைய பாக்கெட்டைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. சில இடங்களில் நடப்பது இன்னும் எளிய தில்லுமுல்லு: விண்ணப்பித்தவுடன் கணினி தரும் குறிப்பு எண்ணையே உரிம எண் போலப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு எண்ணில் 17 இலக்கங்கள் இருக்கும். அதனால் முதலில் விரல் வைத்து எண்ணுங்கள். 14-க்குக் கூடவோ குறையவோ இருந்தால் அது உரிம எண்ணே அல்ல.

முத்திரை பற்றி இன்னொன்று. "இந்த ஆணையம் இந்தப் பொருளைச் சோதித்து நல்லது என்று சொன்னது" என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த முகவரியில் இன்னார் உணவுத் தொழில் செய்ய அனுமதி வாங்கியிருக்கிறார், ஏதாவது ஆனால் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த 14 இலக்கத்தைப் பார்த்தே ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

கொஞ்சம் முடியும். முதல் இலக்கம் 1 என்றால் அது உரிமம். 2 என்றால் பதிவு, அதாவது சிறு தொழிலுக்குக் கொடுக்கிற எளிய சான்று. 2011-இல் விதிமுறைகள் வந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பதிவு, அதைத் தாண்டியவர்களுக்கு உரிமம் என்று கோடு கிழித்தார்கள்.

அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 24. ஆக இங்கே மாநில அரசு கொடுத்த உரிமம் 124 என்று தொடங்கும், பதிவு 224 என்று தொடங்கும். கேரளம் 13, கர்நாடகம் 12. இரண்டும் பூஜ்ஜியமாக, 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம். பெரிய நிறுவனங்கள், இறக்குமதியாளர்கள் போன்றோருக்கு உரியது.

நான்காவது, ஐந்தாவது இலக்கங்கள் முதன்முதலில் வாங்கிய ஆண்டு. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 12415 என்று பார்த்ததும் "அய்யோ, 2015-இல் வாங்கியது, காலாவதி" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதுப்பித்தாலும் எண் மாறாது, ஆண்டும் அப்படியேதான் இருக்கும். பழைய ஆண்டு என்றால் பழைய தொழில் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதை மறுபக்கமாகத் திருப்பினால் பயன் உண்டு. "முப்பது வருடப் பாரம்பரியம்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு எண்ணில் ஆண்டு 24 என்று இருந்தால், அவர்கள் இடம் மாறியிருக்கலாம், பதிவிலிருந்து உரிமத்துக்கு வளர்ந்திருக்கலாம், அல்லது கதை விடலாம். எது என்று கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

மீதி இலக்கங்கள் கொடுத்த அலுவலகம், வரிசை எண் பற்றியவை. நமக்கு வேண்டாம்.

சரி, உண்மையான எண்ணா என்று எங்கே போய்ப் பார்ப்பது?

foscos.fssai.gov.in என்ற தளத்துக்குப் போங்கள். உள்நுழைய வேண்டியதில்லை. முகப்பிலேயே `FBO Search` என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 14 இலக்கத்தைப் போட்டு, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டினால் நிறுவனத்தின் பெயர், இடத்தின் முகவரி, எந்த வகை உரிமம், இப்போதைய நிலை என்ன என்று வரும். எண் தெரியாவிட்டால் பெயரைப் போட்டும் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தேடலாம்.

ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். பாக்கெட் மடிப்பில் 3-ம் 8-ம் ஒன்று போலத் தெரியும். வந்தால், அதோடு மூடிவிட்டுப் போகாதீர்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. நான்கு விஷயங்களைப் பாக்கெட்டோடு ஒப்பிட வேண்டும்: பெயர், முகவரி, நிலை, பொருள்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கடலை மிட்டாய் பாக்கெட்டை வைத்துக்கொள்வோம். முன்பக்கம் "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்று இருக்கிறது. பின்பக்கம் எண் 12421 என்று தொடங்குகிறது. தளத்தில் போட்டால் நிலை `Active`. நல்லது. ஆனால் முகவரி சென்னைப் புறநகரில் ஒரு கிடங்கு. திரையில் தெரியும் தொழில் வகை தயாரிப்பாளர் அல்ல, மொத்த வியாபாரி. இப்போது என்ன தெரிகிறது? எண் போலியல்ல. ஆனால் அது மிட்டாயை உண்டாக்கிய ஆளுடைய எண் அல்ல, வாங்கி விற்பவருடையது. பாகு காய்ச்சிய அடுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தப் பாக்கெட்டில் பதில் இல்லை. இந்த உரிமம் ஆளுக்குக் கொடுப்பது அல்ல, இடத்துக்குக் கொடுப்பது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த ஓட்டை தானாகவே கண்ணில் படும். ஒரே முதலாளிக்கு மூன்று ஊரில் மூன்று பட்டறை என்றால் மூன்று எண்கள் வேண்டும்.

தயாரித்தவர் ஒருவர், பிராண்டு இன்னொருவருடையது. எந்த எண் இருக்க வேண்டும்?

இரண்டும். பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பருப்பு, மசாலா எல்லாம் பெரும்பாலும் வேறு யாரோ அரைத்துப் பொட்டலம் போட்டவை. இதில் தவறில்லை. பிராண்டு உரிமையாளரின் முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்தவரோ பொட்டலமிட்டவரோ வேறு ஆள் என்றால் அவருடைய எண்ணும் இருக்க வேண்டும். பல ஊர்களில் தயாராகும் பிஸ்கட் பாக்கெட்டில் ஏ, பி, சி என்று முகவரி அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும் என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும். அந்த எழுத்தைப் பிடித்து, அந்த முகவரிக்கு உரிய எண்ணைத்தான் தளத்தில் போட வேண்டும். முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டுத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

மேலே சொன்ன கடலை மிட்டாயில் குறை இதுதான்: விற்பவர் எண் இருக்கிறது, செய்தவர் எண் இல்லை.

ஹோட்டல், தள்ளுவண்டி, வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அக்கா, இவர்களுக்கெல்லாமா?

எல்லாருக்கும்தான். விற்பனை சிறியது என்றால் பதிவு, பெரியது என்றால் உரிமம், அவ்வளவே வித்தியாசம். ஹோட்டலில் சான்றைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. செயலியில் சாப்பாடு வாங்கினால் அந்தக் கடையின் பக்கத்தில் கடைசி வரை இறக்கிப் பாருங்கள், சிறிய எழுத்தில் எண் இருக்கும். ஒரே சமையலறை ஐந்து கடைப் பெயரில் விற்பது அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கும்போதுதான் பல நேரம் தெரியவரும். ஐந்துக்கும் ஒரே முகவரி வரும்.

வீட்டிலிருந்து செய்பவர்களிடம் நான் கொஞ்சம் பரிவோடுதான் கேட்பேன். பதிவு வாங்குவது பெரிய செலவு இல்லை, பலருக்கு விஷயமே தெரியாது. "அக்கா, பதிவு நம்பர் இருக்கா?" என்று இரண்டு பேர் கேட்டால் மூன்றாவது வாரம் வாங்கிவிடுவார்கள்.

மாத்திரை டப்பாவில் 14 இலக்க எண் இருக்கிறது. அப்போ இது மருந்துதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மாத்திரை வடிவம், காப்ஸ்யூல் வடிவம், வெள்ளை மேலங்கி போட்ட ஆள் படம், எதுவும் ஒரு பொருளை மருந்தாக்காது. பின்பக்கத்தில் உணவுத் துறையின் 14 இலக்க எண் இருந்து, மருந்துத் தயாரிப்பு உரிம எண், அதாவது எம்.எல். எண், இல்லாவிட்டால் அது சட்டப்படி உணவு. வைட்டமின் மாத்திரைகள், புரதப் பொடி, மூட்டுக்கு, முடிக்கு, கண்ணுக்கு என்று விற்கப்படும் பல டப்பாக்கள் இந்த வகை. அவற்றில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும், பொடி எழுத்தில்.

உணவாக விற்கக் கூடாது என்றில்லை. ஆனால் உணவு எண்ணை வைத்துக்கொண்டு "சர்க்கரை நோய் குணமாகும்" என்று எழுதக் கூடாது. எழுதியிருந்தால் அங்கேயே தவறு பிடிபட்டுவிட்டது, மேற்கொண்டு எண்ணைத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஒரே வைட்டமின் பெயரில் மருந்து உரிமத்தில் ஒன்றும், உணவு உரிமத்தில் ஒன்றும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும். மருத்துவர் எழுதியது முதலாவது, கையில் வருவது இரண்டாவது என்று ஆவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அளவும் சோதனை முறையும் இரண்டுக்கும் வேறு வேறு சட்டப்படி.

ஓ.ஆர்.எஸ். என்று போட்ட பாட்டில் பானமும் பொடிப் பாக்கெட்டும் ஒன்றா?

அதே சிக்கலின் பெரிய உதாரணம் இது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் பொடி: அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இது மருந்து, இதன் பாக்கெட்டில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். ஆனால் பெயரில் அந்த மூன்று எழுத்தை ஒட்டவைத்துக்கொண்டு, பழச்சாறு பானங்கள் உணவு உரிமத்தில் பல வருடம் விற்கப்பட்டன. சர்க்கரை அதிகம் உள்ள பானத்தை வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுத்தால் போக்கு கூடவே செய்யும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம், முன்பு கொடுத்திருந்த சலுகையைத் திரும்பப் பெற்று, உணவுப் பொருளின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

அந்த உத்தரவுக்கு முன்பும் ஒரு பெற்றோரால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும். பின்பக்கம் திருப்பி, 14 இலக்க எண்ணா எம்.எல். எண்ணா என்று பார்த்தால் போதும்.

மருந்து அட்டையில் உரிம எண் எங்கே இருக்கும்? அதுவும் 14 இலக்கமா?

தயாரித்தவரின் பெயர், முகவரிக்கு அருகில் "எம்.எல்." என்றோ "மேனுஃபேக்சரிங் லைசென்ஸ் நம்பர்" என்பதன் சுருக்கமாகவோ இருக்கும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 96-ஆவது விதி அதைக் கட்டாயமாக்குகிறது. அட்டையில் ஓரமாக, பேட்ச் எண்ணை அமுக்கி அச்சடித்த இடத்தில் மறைந்துகிடக்கும். மாத்திரையைப் பிய்க்கும்போது நாம் முதலில் கிழிப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

எண்ணுக்கு ஒரே வடிவம் கிடையாது. தயாரிப்பு உரிமம் கொடுப்பது பெரும்பாலும் மாநில அரசு, ஒவ்வொரு மாநிலமும் தன் பாணியில் எண் போடுகிறது. குஜராத் எண்களில் ஜி/25/ என்றோ ஜி/28/ என்றோ இருக்கும். அந்த 25, 28 எல்லாம் எந்தப் படிவத்தில் உரிமம் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டுபவை. சாதாரண மாத்திரை, சிரப்புக்குப் படிவம் 25. ஊசி மருந்து, தடுப்பு மருந்து வகையறாவுக்குப் படிவம் 28. தனக்கென்று தொழிற்சாலை இல்லாமல் வேறொருவர் தொழிற்சாலையில் தன் பொறுப்பில் தயாரிப்பவருக்கு 25-ஏ. இதை லோன் லைசென்ஸ் என்பார்கள், கடன் வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"மார்க்கெட்டட் பை" என்று பெரிதாகப் போட்டிருக்கும் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரபலமான பெயர் அங்கே இருக்கும், தயாரித்தது இமாச்சலிலோ உத்தராகண்டிலோ உள்ள, நாம் கேள்விப்படாத பெயராக இருக்கும். உரிம எண் அந்தக் கேள்விப்படாத பெயருக்கு உரியது. 2021 மார்ச் முதல் சந்தைப்படுத்துபவருக்கும் தரத்தில் பொறுப்பு உண்டு என்று விதி வந்துவிட்டது. இருந்தாலும் சரிபார்க்க வேண்டியது தயாரித்தவரைத்தான்.

உணவுக்குப் போல மருந்துக்கும் எண்ணைப் போட்டுத் தேட ஒரு தளம் இருக்கிறதா?

உணவுக்கு இருப்பது போல நாடு முழுவதற்கும் ஒரே தேடல் பெட்டி என்று நம்பி உட்கார வேண்டாம். சில மாநிலங்கள் தயாரிப்பாளர் பட்டியலைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், எந்த மாநிலத்து முகவரி போட்டிருக்கிறதோ அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைத்தான் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. "இந்த லைசென்ஸ் உண்மையா?" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இந்த எண் இந்தப் பெயருக்கும் இந்த முகவரிக்கும் கொடுக்கப்பட்டதா? இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? இந்த மருந்து அந்த உரிமத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள் பட்டியலில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். மருந்து உரிமத்தில் எந்தெந்தப் பொருளைத் தயாரிக்கலாம் என்று பட்டியல் சேர்ந்தே இருக்கும். உரிமம் இருக்கிற தொழிற்சாலையும் பட்டியலில் இல்லாததைத் தயாரித்தால் அது உரிமம் இல்லாத தயாரிப்புதான்.

இணையத்தில் முகவரியைத் தேடிப் பார்ப்பதும் வீண் வேலையல்ல. 2024-இல் தெலங்கானா மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிடித்த ஒரு கூட்டத்தின் ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் இமாச்சல் முகவரியோடு ஒரு நிறுவனப் பெயர் இருந்தது. அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. உள்ளே இருந்தது சுண்ணக்கட்டித் தூளும் மாவும்.

அந்த உரிமம் காலாவதி ஆகிவிட்டதா என்று அட்டையிலிருந்து தெரியுமா?

தெரியாது. 2017 அக்டோபரில் விதி திருத்தப்பட்ட பிறகு, உரிமத்தை ரத்து செய்யாத வரை அது தொடரும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். அதனால் "எந்தத் தேதி வரை" என்று கேட்காமல், "கட்டணம் செலுத்தப்பட்டு நடப்பில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டும்.

க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் போதாதா?

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு மட்டும் அது கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர், பேட்ச், தேதிகள், உரிம எண் எல்லாம் வரவேண்டும். வருவதை அட்டையில் அச்சடித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், பேட்ச் எண்ணை முக்கியமாக. கள்ள அட்டைக்காரர்கள் ஓர் உண்மையான அட்டையின் கோடை அப்படியே நகலெடுத்துப் போட்டால் ஸ்கேனில் வரும் பேட்சும் அச்சிலுள்ள பேட்சும் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. கோடு ஏதோ ஒரு விளம்பரப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் அது இந்தக் கோடே அல்ல.

கோல்ட்ரிஃப் சிரப்புக்கு லைசென்ஸ் இருந்ததா, இல்லையா?

இருந்தது. அதனால்தான் அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் வாக்கில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். சிரப்பைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ். மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொழிற்சாலைக்குள் போய் மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் வரம்பு 0.1 சதவீதம்.

டை எத்திலீன் கிளைக்கால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் போட வேண்டிய புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே நிறமற்று, இனிப்பாக, கெட்டியாக இருக்கும். மருந்துத் தரமில்லாத சரக்கை வாங்கி, உள்ளே வரும்போதும் சோதிக்காமல், சிரப்பாக வெளியே போகும்போதும் சோதிக்காமல் விட்டால் இதுதான் நடக்கும். ஆய்வுக்குப் போனவர்கள் அந்த இடத்தில் எழுதிய விதிமீறல்கள் 364. அவற்றில் 39 மிகக் கடுமையானவை.

இப்போது ஒரு பெற்றோர் அந்தப் பாட்டிலைச் செப்டம்பரில் கையில் வைத்திருந்ததாக நினைத்துப் பாருங்கள். மே 2025-இல் தயாரித்தது, ஏப்ரல் 2027 வரை காலம் இருக்கிறது. உரிம எண் இருக்கிறது. துறையைக் கேட்டிருந்தாலும் "2011-இல் கொடுக்கப்பட்டது, நடப்பில் இருக்கிறது" என்றே பதில் வந்திருக்கும். உரிமம் ரத்தானது அக்டோபர் 13-ஆம் தேதி, எல்லாம் முடிந்த பிறகு.

அப்புறம் எதற்காக லைசென்ஸைப் பார்க்க வேண்டும்?

நியாயமான கோபம்தான். உரிமம் சரிபார்ப்பது ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தருகிறது: தயாரித்தவர் யார், எங்கே, சட்டத்தின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறாரா. சுங்குவார்சத்திரம் என்று பாட்டிலில் எழுதியிருந்ததால்தான் இன்னொரு மாநிலத்திலிருந்து வந்த ஒரு தகவலை வைத்து, சரியான கதவைத் தட்டி, அந்தப் பேட்சையே பிடிக்க முடிந்தது. பொய் முகவரியாக இருந்திருந்தால் அந்தச் சிரப் இன்னும் சில வாரம் கடைகளில் இருந்திருக்கும். பேட்ச் நல்லதா என்ற கேள்விக்கு உரிமத்தில் பதில் இல்லை. அதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் மாதாந்திர எச்சரிக்கைப் பட்டியல். cdsco.gov.in தளத்தில் `Alerts` என்ற பகுதியில் ஒவ்வொரு மாதமும் தரமற்றவை என்று சோதனையில் தெரிந்த மருந்துகளின் பெயர், பேட்ச் எண், தயாரித்தவர், என்ன குறை என்று வரும். அதில் இருப்பது பேட்ச் வாரியான பட்டியல் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பிராண்டின் ஒரு பேட்சில் மாத்திரை சரியாகக் கரையவில்லை என்று வந்தால் அந்தப் பிராண்டே விஷம் என்று குடும்ப வாட்ஸாப்பில் போட வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் பேட்ச் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதற்காகத்தான் பேட்ச் எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. பட்டியலில் இல்லை என்பதால் உங்கள் பேட்ச் சோதனையில் தேறியது என்று ஆகாது. அதை யாரும் எடுத்துச் சோதிக்காமலும் இருந்திருக்கலாம்.

அந்தப் பட்டியலில் சில வரிகள் வேறு மாதிரி இருக்கும்: "அட்டையில் பெயருள்ள நிறுவனம் இந்தப் பேட்சைத் தாங்கள் தயாரிக்கவில்லை என்று தெரிவித்துள்ளது" என்கிற பொருளில். அவை போலி என்ற சந்தேகத்தில் இருப்பவை. உண்மையான உரிம எண்ணை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும்.

சித்த மருந்து, ஆயுர்வேத லேகியத்துக்கும் எம்.எல். நம்பர் உண்டா?

உண்டு. அதே 1940-ஆம் ஆண்டுச் சட்டம்தான். படிவம் 25-டி-யில் உரிமம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது அலோபதி மருந்துகளைக் கவனிக்கும் அலுவலகம் அல்ல, இந்திய மருத்துவத்துக்கான உரிமம் வழங்கும் அதிகாரி. லேகிய டப்பாவில் எம்.எல். எண் இல்லாமல் 14 இலக்கம் மட்டும் இருந்தால் அது உணவாக விற்கப்படும் லேகியம். இரண்டுமே இல்லாமல், வைத்தியர் தாத்தா படம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

எண் பொய் என்று தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது?

உணவு என்றால் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸாப் எண் 94440 42322. மாவட்டத்தில் நியமன அலுவலர் என்று ஒருவர் இருப்பார், நேரிலும் கொடுக்கலாம். மருந்து என்றால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளர் அல்லது மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகம். பாக்கெட்டின் எல்லாப் பக்கமும், பேட்ச் எண் தெளிவாகத் தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். பில்லையும் சேர்த்து. பிரித்ததைத் தூக்கி எறியாதீர்கள். பிரிக்காத இன்னொன்று அதே பேட்சில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், சோதனைக்கு அதுதான் மதிப்பு.

சோதனையை நீங்களே கேட்கவும் முடியும். உணவுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, மருந்துக்கு 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு. கட்டணம் கட்ட வேண்டும். உணவில் குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. யாரிடம் வாங்கினார் என்ற பில் அவரிடம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் ஆய்வாளர் அடுத்த கதவுக்குப் போய்விடுவார். இல்லை என்று அவர் முழித்தால், அதையும் புகாரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.